வாக்கியத்தில் எழுதிய தரவு அகராதியை ஸ்கீமா அட்டவணையாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவு அகராதியைப் பத்தி பத்தியாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்; டேட்டாபேஸ் அமைப்பவருக்கோ பெயர், வகை, நீளம், விளக்கம் என்ற நான்கு கட்டங்கள் வேண்டும். இந்த மாற்றத்தில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டு: ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேட்டை விவரிக்கும் இந்தப் பத்தி.

> உறுப்பினர் எண் ஆறு இலக்கம். முதல் இரண்டு இலக்கம் சங்கத்தைக் காட்டும். உறுப்பினர் பெயர் தமிழில், தலைப்பெழுத்துடன் சேர்த்து 40 எழுத்துக்குள் இருக்க வேண்டும். கைபேசி எண் இருந்தால் பதியலாம். வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் கட்டாயம். பால் ஊற்றிய தேதி, வேளை, லிட்டர் அளவு இரண்டு தசமத்துடன், கொழுப்பு மற்றும் எஸ்என்எஃப் சதவீதம் ஒரு தசமத்துடன் பதியப்படும். ஒரு உறுப்பினர் ஒரு வேளைக்கு ஒரு முறைதான் ஊற்ற முடியும். தொகை ஐந்து இலக்கம், இரண்டு தசமம்; அளவை லிட்டர் விலையால் பெருக்கி வருவது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வரி போட்டுவிட்டால் போதுமா?

போதாது. மேலே உள்ள ஆறாவது வாக்கியத்தில் மட்டும் ஐந்து நெடுவரிசைகள் இருக்கின்றன: தேதி, வேளை, அளவு, கொழுப்பு, பாலில் கொழுப்பு தவிர்த்த திடப்பொருளைக் குறிக்கும் எஸ்என்எஃப். ஏழாவது வாக்கியத்தில் நெடுவரிசையே இல்லை. அது முழு டேபிளுக்குமான விதி. இரண்டாவது வாக்கியம் விளக்கக் கட்டத்துக்குப் போக வேண்டியது. அதனால் முதலில் வகை, நீளம் எதையும் தொடாமல், பதியப்படும் பொருள்களின் பெயர்களை மட்டும் அடிக்கோடிட்டு எடுங்கள்.

இந்த முதல் சுற்றிலேயே பத்தியில் மறைந்து கிடக்கும் நெடுவரிசைகள் தெரியவரும். கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். தொகையை விளக்கும்போது ‘லிட்டர் விலை’ என்று வருகிறது. அதற்கென்று தனி வாக்கியம் எங்கும் இல்லை. ஆனால் விலையைப் பதியாமல் தொகையை மட்டும் வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்து ஒரு உறுப்பினர் வந்து கேட்கும்போது எந்த விலையில் கணக்கிட்டார்கள் என்று காட்ட முடியாது. கணக்குச் சொல்லும் வாக்கியங்களையும், ‘இருந்தால்’, ‘பொறுத்து’ என்று வரும் இடங்களையும் இரண்டாம் முறை படித்தால் இப்படிப்பட்டவை பிடிபடும்.

எல்லாம் ஒரே பத்தியில் இருக்கிறதே, ஒரே டேபிளாகப் போடலாமா?

ஒவ்வொரு பெயரின் எதிரிலும் ‘இது எதற்கு ஒரு முறை மாறும்?’ என்று எழுதிப் பாருங்கள். பெயர், கைபேசி, வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி எல்லாம் ஒரு உறுப்பினருக்கு ஒன்று. தேதியும் அளவும் கொழுப்பும் ஒவ்வொரு வேளை பால் ஊற்றும்போதும் புதிதாக வரும். ஆகவே இரண்டு டேபிள்: `member`, `milk_collection`. உறுப்பினர் எண் மட்டும் இரண்டிலும் இருக்கும். இரண்டிலும் அதன் வகையும் நீளமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் `CHAR(6)`, மற்றதில் `INT` என்று போனால் இணைக்கும் இடத்தில் சிக்கல்தான்.

உறுப்பினர் எண் என்றாலே எண்தானே? ஏன் CHAR போடச் சொல்கிறீர்கள்?

கூட்டவோ பெருக்கவோ போகிறோமா என்பதுதான் கேள்வி. உறுப்பினர் எண்ணை யாரும் கூட்ட மாட்டார்கள். சங்கக் குறியீடு 04 என்றால் எண் 040217. இதை `INT`-இல் வைத்தால் 40217 ஆகிவிடும். முதல் இரண்டு இலக்கம் சங்கத்தைக் காட்டும் என்ற விதி அங்கேயே உடைகிறது. அதை நம்பி எடுத்த அறிக்கையில் 04 சங்கத்து ஆட்கள் 40 சங்கத்துக்குப் போய்விடுவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இது வெகு நாள் கழித்தே தெரியும்.

வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே நியாயம், கூடவே இன்னொரு காரணம். எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக ஒட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். பிறகு டேட்டாபேஸில் என்ன வகை போட்டாலும் போன இலக்கம் திரும்பாது. எனவே விளக்கக் கட்டத்தில் ‘எழுத்தாகவே பதிய வேண்டும், முன் பூஜ்ஜியம் நீக்கக் கூடாது’ என்று எழுதிவிடுங்கள். தரவை ஏற்றுபவர் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

CHAR-ஆ VARCHAR-ஆ, எப்படி முடிவு செய்வது?

நீளம் எப்போதும் மாறாது என்று உறுதியாகத் தெரிந்தால் `CHAR`. ஐஎஃப்எஸ்சி எப்போதும் 11 இடம்: முதல் நான்கு எழுத்து, ஐந்தாவது பூஜ்ஜியம், பிறகு கிளையைக் காட்டும் ஆறு இடம். எனவே `CHAR(11)`. வங்கிக் கணக்கு எண்ணின் நீளம் வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் `VARCHAR`. பத்தியில் ‘வரை’, ‘க்குள்’, ‘அதிகபட்சம்’ என்ற சொற்கள் வந்தால் மாறும் நீளம். வெறுமனே ‘ஆறு இலக்கம்’ என்றால் நிலையான நீளம். சந்தேகம் இருந்தால் `VARCHAR` போடுங்கள். `CHAR`-இல் குறைந்த நீள மதிப்பைப் போட்டால் பின்னால் வெற்றிடம் நிரப்பப்படும், ஒப்பிடும்போது அது ஒவ்வொரு டேட்டாபேஸிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

பெயர் 40 எழுத்து என்று போட்டிருக்கிறார்கள். VARCHAR(40) போட்டேன், ஆனால் பெயர் ஏறவில்லை. ஏன்?

பத்தி எழுதியவர் எண்ணியது தமிழ் எழுத்தை. டேட்டாபேஸ் எண்ணுவது யூனிகோட் குறிகளை, அல்லது பைட்டை. இந்த மூன்றும் ஒன்றல்ல. ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி என்று நாம் எண்ணினால் எட்டு எழுத்து. யூனிகோடில் ‘கி’ என்பது க என்ற குறியும் இகரக் குறியும் சேர்ந்து இரண்டு. ‘ஷ்’ என்பது ஷவும் புள்ளியும் சேர்ந்து இரண்டு. இப்படிப் பார்த்தால் ‘ண’ மட்டும்தான் ஒன்று, மற்ற ஏழும் இரண்டிரண்டு. மொத்தம் 15 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்பதால் அதே பெயர் 45 பைட்.

ஆக, எட்டெழுத்துப் பெயரே பைட் கணக்கில் 40-ஐத் தாண்டிவிட்டது. மாற்றும் கணக்கு இது: பத்தியில் சொன்ன எழுத்து எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினால் தேவையான குறிகள் ஏறக்குறைய வந்துவிடும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ்’ போன்றவை ஒரே எழுத்தாக எண்ணப்பட்டாலும் நான்கு குறி பிடிக்கும். தலைப்பெழுத்தின் பின்வரும் புள்ளியும் இடைவெளியும் கூட இடம் எடுக்கும். அதனால் 80-உடன் கொஞ்சம் இடம் விட்டு 100 என்று வைப்பது பாதுகாப்பு. பைட்டில் கேட்டால் 300.

அட்டவணையின் நீளக் கட்டத்தில் 100 என்று போடும்போது விளக்கத்தில் ‘40 தமிழ் எழுத்து வரை, நீளம் யூனிகோட் குறிகளில்’ என்று இரண்டையும் எழுதுங்கள். இல்லையென்றால் பின்னால் வருபவர் பத்தியில் 40, அட்டவணையில் 100 என்று பார்த்து, தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்.

எந்த டேட்டாபேஸ் எதில் எண்ணுகிறது?

போஸ்ட்கிரெஸில் `VARCHAR(100)` என்றால் நூறு குறிகள். மைஎஸ்க்யூஎல்லிலும் அப்படியே, எழுத்துக் குறியாக்கம் `utf8mb4` என்று இருக்கட்டும். எஸ்க்யூஎல் சர்வரில் தமிழுக்கு `NVARCHAR(100)` போடுங்கள். அங்கே எண்ணுவது இரண்டு பைட் ஜோடிகளை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒரு ஜோடியில் அடங்கிவிடும் என்பதால் நூறு குறியும் ஏறும். அங்கே வழக்கமான கோலேஷனுடன் வெறும் `VARCHAR` போட்டால் பெயர் முழுக்கக் கேள்விக்குறிகளாகப் பதியும்.

அதிகம் தவறு நடப்பது ஆரக்கிளில். அங்கே `VARCHAR2(100)` என்று மட்டும் எழுதினால், அமைப்பை யாரும் மாற்றாதவரை, அது 100 பைட். தமிழில் 33 குறிதான், ஏறக்குறைய பதினேழு எழுத்து. `VARCHAR2(100 CHAR)` என்று அலகையும் சேர்த்து எழுத வேண்டும். சோதனைத் தரவை ஆங்கிலப் பெயர்களை வைத்துப் பார்த்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது, ஏனென்றால் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். உண்மையான தமிழ்ப் பெயர் வரும் முதல் நாளில்தான் `ORA-12899` வந்து நிற்கும்.

நீளம் மீறினால் எப்போதும் பிழை காட்டுமா?

போஸ்ட்கிரெஸ் காட்டும்: `value too long for type character varying(40)`. மைஎஸ்க்யூஎல் ஸ்டிரிக்ட் முறையில் இருந்தால் `Data too long for column` என்று நிறுத்தும். ஸ்டிரிக்ட் முறை அணைக்கப்பட்டிருந்தால் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பதிந்துகொள்ளும். தமிழில் இந்த வெட்டு நடுக்குறியில் விழலாம்: ‘மூர்த்தி’யின் கடைசி இகரம் போய் ‘மூர்த்த’ என்று நிற்கும். பழைய தரவில் இப்படி முடியும் பெயர்கள் பல ஒரே நீளத்தில் நின்றால், முன்பு எப்போதோ நீளம் குறைவாக வைக்கப்பட்டிருந்தது என்று அர்த்தம்.

நீளமே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். நானே ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

வெளியே நிர்ணயிக்கப்பட்ட பொருளாக இருந்தால் அந்த நிர்ணயத்தை எடுங்கள். ஐஎஃப்எஸ்சி 11, இந்தியக் கைபேசி எண் 10, அஞ்சல் குறியீட்டு எண் 6, பான் எண் 10, ஜிஎஸ்டி பதிவு எண் 15. கைபேசிக்கு நாட்டுக் குறியீட்டையும் சேர்த்துப் பதிகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். +91 சேர்ந்தால் 13 ஆகிவிடும்.

அப்படி நிர்ணயம் இல்லாதவற்றுக்கு ஏற்கெனவே தரவு இருந்தால் அதிலேயே பார்க்கலாம். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் இப்படி:

```sql
SELECT MAX(CHAR_LENGTH(member_name)) AS chars,
       MAX(OCTET_LENGTH(member_name)) AS bytes
FROM old_member;
```

கிடைத்த எண் இன்றுவரை வந்த அதிகபட்சம்தான், நாளை வரப்போவதன் எல்லை அல்ல. அதை அப்படியே நீளமாகப் போட்டுவிடாதீர்கள். தரவும் இல்லையென்றால் நீளக் கட்டத்தைக் காலியாக விட்டு, விளக்கத்தில் ‘நீளம் சொல்லப்படவில்லை, கேட்க வேண்டும்’ என்று எழுதுவதே நேர்மை. பலர் இங்கே 255 என்று நிரப்பிவிடுகிறார்கள். கட்டம் நிறைந்துவிட்டதால் அதன் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

‘ஐந்து இலக்கம், இரண்டு தசமம்’ என்றால் DECIMAL(5,2) தானே?

அப்படித்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் `DECIMAL(5,2)` என்பதில் 5 என்பது மொத்த இலக்கம். அதில் இரண்டு தசமத்துக்குப் போக மூன்றுதான் முன்னால் மிஞ்சும். அதிகபட்சம் 999.99. பத்தி எழுதியவர் ‘முன்னால் ஐந்து, பின்னால் இரண்டு’ என்று நினைத்திருந்தால் அது `DECIMAL(7,2)`, அதாவது 99,999.99 வரை. வாக்கியத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

முடிவைக் கொடுப்பது தொழிலின் கணக்கு. ஒருவர் ஒரு வேளைக்கு 25 லிட்டர் ஊற்றுகிறார், லிட்டர் 40 ரூபாய் என்று வைத்தால் தொகை 1000.00. மூன்று மாடு வைத்திருப்பவருக்கே `DECIMAL(5,2)` போதாது. ஆகவே இங்கே 7,2 தான் சரி. இப்படி ஒரு சாதாரண நாளின் பெரிய மதிப்பை எடுத்துப் பெருக்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. எழுதியவரிடம் கேட்கும்போதும் ‘மொத்தம் ஐந்தா?’ என்று கேட்காதீர்கள். ‘ஒரு வேளைக்கு அதிகபட்சம் எவ்வளவு ரூபாய் வரும்?’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும்.

நீளக் கட்டத்தில் தசமப் புள்ளியையும் ஓர் இடமாக எண்ண வேண்டுமா?

டேபிளுக்கான ஸ்கீமா என்றால் வேண்டாம். `DECIMAL(7,2)` இலக்கங்களை மட்டும் எண்ணும். புள்ளியும் கழித்தல் குறியும் அதில் சேராது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இடம் ஒதுக்கப்பட்ட டெக்ஸ்ட் ஃபைலுக்கான அமைப்பு என்றால் எண்ண வேண்டும்: 99999.99 என்பது எட்டு இடம். இன்னும் பழைய, COBOL மொழியில் எழுதிய அமைப்பிலிருந்து வந்த அகராதியில் `9(5)V99` என்று இருக்கும். அதில் V என்பது புள்ளி இருக்கும் இடத்தைக் காட்டுமே தவிர ஃபைலில் இடம் பிடிக்காது. அங்கே ஏழு இடம்; 0031054 என்று இருந்தால் 310.54 என்று படிக்க வேண்டும். பத்தி எதை விவரிக்கிறது, டேபிளையா ஃபைலையா என்பதை முதலிலேயே கேட்டு அட்டவணையின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.

தேதிக்கும் இதே குழப்பம் உண்டு. ‘தேதி எட்டு இலக்கம்’ என்று பத்தியில் இருந்தால் அது ஃபைல் பேச்சு. டேபிளில் `DATE` போட்டு நீளக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். நாள், மாதம், ஆண்டு எந்த வரிசையில் ஃபைலில் வருகிறது என்பதை விளக்கத்தில் எழுதுங்கள்.

பழைய ஸ்கீமாவில் INT(11) என்று பார்த்திருக்கிறேன். அப்படியானால் முழு எண்ணுக்கும் நீளம் போட வேண்டுமா?

வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் அந்த 11 திரையில் காட்டும் அகலம் மட்டுமே. பதியக்கூடிய மதிப்பை அது கட்டுப்படுத்தாது. 8.0.17 பதிப்பிலிருந்து அதைக் கைவிடப்போவதாகவும் அறிவித்துவிட்டார்கள். `INT` நான்கு பைட், 2,147,483,647 வரை போகும். நீளக் கட்டம் காலியாக இருக்கட்டும். மூன்றிலக்கத்துக்கு மேல் வரக் கூடாது என்றால் அது விளக்கத்தில் எழுத வேண்டிய விதி.

கொழுப்பு, எஸ்என்எஃப் எப்போதும் 4.1, 8.3 என்றுதான் வருகிறது. DECIMAL(2,1) போதாதா?

`DECIMAL(2,1)` 9.9-இல் நின்றுவிடும். எருமைப்பாலின் கொழுப்பு பசும்பாலைவிட நன்றாகவே கூடுதல். கருவி ஒரு முறை 10.0 காட்டினால் அந்த வேளைப் பதிவே நின்றுபோகும், வரிசையில் ஆட்கள் காத்திருப்பார்கள். `DECIMAL(3,1)` போடுங்கள். நியாயமான எல்லையைக் காக்க வேண்டுமென்றால் அதை நீளத்தைக் குறுக்கிச் செய்யாமல், ‘இந்த மதிப்புக்கு மேல் வந்தால் மறுசோதனை’ என்று தனி விதியாக எழுதுங்கள். சதவீதத்தை 4.1 என்று பதிகிறோமா 0.041 என்றா என்பதும் விளக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு தசமம் என்று பத்தி சொல்வதால் இங்கே 4.1 தான்.

தொகை கணக்கிட்டு வருவதுதானே, அதற்கு ஏன் ஒரு வரி?

கணக்கிட்டால் வரும் என்பதால் விட்டுவிடலாமா என்பது ரவுண்டு செய்வதைப் பொறுத்தது. 8.45 லிட்டர், விலை 36.75 என்றால் பெருக்கி வருவது 310.5375. உறுப்பினருக்குக் கொடுத்த சீட்டில் 310.54 என்று இருக்கும். மாதக் கடைசியில் அளவையும் விலையையும் மறுபடி பெருக்கிக் கூட்டினால், ஒவ்வொரு வேளைக்கும் விட்டுப்போன பைசாப் பகுதிகள் சேர்ந்து, சீட்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகாது. கொடுத்த தொகையையே பதிந்து வைத்தால் இந்தத் தகராறு இல்லை. விளக்கத்தில் கணக்கு முறையையும், ரவுண்டு எங்கே செய்யப்படுகிறது என்பதையும் எழுதுங்கள். பணத்துக்கு `FLOAT` வேண்டவே வேண்டாம். அது தசமப் பின்னங்களைத் தோராயமாகத்தான் வைத்திருக்கும்.

‘கட்டாயம்’, ‘இருந்தால் பதியலாம்’, ‘ஒரு முறைதான்’ இதெல்லாம் நான்கு கட்டத்தில் எங்கே போகும்?

முதல் இரண்டும் நெடுவரிசைக்கு உரியவை; விளக்கத்தில் தமிழ்ப் பெயருக்கு அடுத்ததாக ‘கட்டாயம்’ அல்லது ‘காலியாக இருக்கலாம்’ என்று வைத்துவிடுங்கள். எல்லா வரியிலும் ஒரே இடத்தில் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பத்தி எதுவும் சொல்லாத நெடுவரிசைக்குக் ‘கட்டாயம்’ என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள். நீளத்துக்குச் சொன்னதுபோலவே அதுவும் கேட்க வேண்டிய பட்டியலில் சேரும்.

‘ஒரு வேளைக்கு ஒரு முறைதான்’ என்பது மூன்று நெடுவரிசைகள் சேர்ந்த விதி: உறுப்பினர் எண், தேதி, வேளை. எந்த ஒரு வரியின் விளக்கத்தில் எழுதினாலும் மற்ற இரண்டைப் பார்ப்பவர் தவறவிடுவார். டேபிளின் கீழே தனியாக எழுதுங்கள். வேளை போல மதிப்புகள் எண்ணி வைக்கப்பட்ட நெடுவரிசைக்கு அனுமதிக்கப்பட்ட மதிப்புகள் அனைத்தையும் விளக்கத்தில் கொடுத்துவிட வேண்டும்.

நெடுவரிசைப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா?

போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் முடியும். இடம்தான் பிரச்சினை. போஸ்ட்கிரெஸில் பெயருக்கு 63 பைட் எல்லை. `வங்கிக்_கணக்கு_எண்` 50 பைட், உள்ளே வந்துவிடும். அதன் முன் `உறுப்பினர்_` சேர்த்தால் 81 ஆகி, மீதி வெட்டப்படும். ஆரக்கிளில் 12.2-க்கு முந்தைய பதிப்புகளில் 30 பைட்தான், அதாவது பத்துக் குறி. இதனால் நெடுவரிசைப் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்திலும், தமிழ்ப் பெயரை விளக்கத்தின் முதற்சொல்லாகவும் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். பத்தியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அந்தத் தமிழ்ப் பெயர்தான் வழிகாட்டி, அதை விட்டுவிடாதீர்கள்.

முடிந்தபின் அட்டவணை எப்படி இருக்கும்?

`member`, போஸ்ட்கிரெஸ், நீளம் யூனிகோட் குறிகளில்:

| நெடுவரிசை | வகை | நீளம் | விளக்கம் |
|---|---|---|---|
| `member_no` | `CHAR` | 6 | உறுப்பினர் எண். கட்டாயம். முதல் 2 இடம் சங்கம். முன் பூஜ்ஜியம் நீக்கக் கூடாது. |
| `member_name` | `VARCHAR` | 100 | உறுப்பினர் பெயர், தலைப்பெழுத்துடன். 40 தமிழ் எழுத்து வரை. கட்டாயமா? கேட்க வேண்டும். |
| `mobile_no` | `VARCHAR` | 10 | கைபேசி எண். காலியாக இருக்கலாம். நாட்டுக் குறியீடு இல்லாமல் என்று கொள்ளப்பட்டது, கேட்க வேண்டும். |
| `bank_account_no` | `VARCHAR` | | வங்கிக் கணக்கு எண். கட்டாயம். எழுத்தாகவே பதிய வேண்டும். நீளம் சொல்லப்படவில்லை, கேட்க வேண்டும். |
| `ifsc` | `CHAR` | 11 | ஐஎஃப்எஸ்சி குறியீடு. கட்டாயம். ஐந்தாவது இடம் பூஜ்ஜியம். |

`milk_collection`:

| நெடுவரிசை | வகை | நீளம் | விளக்கம் |
|---|---|---|---|
| `member_no` | `CHAR` | 6 | உறுப்பினர் எண். கட்டாயம். `member` டேபிளில் இருக்க வேண்டும். |
| `collect_date` | `DATE` | | பால் ஊற்றிய தேதி. கட்டாயம். |
| `shift` | `CHAR` | 1 | வேளை. கட்டாயம். M காலை, E மாலை. குறியீட்டை உறுதிசெய்ய வேண்டும். |
| `quantity_litre` | `DECIMAL` | 5,2 | அளவு, லிட்டரில். 999.99 வரை என்று கொள்ளப்பட்டது, கேட்க வேண்டும். |
| `fat_pct` | `DECIMAL` | 3,1 | கொழுப்பு சதவீதம், 4.1 என்ற வடிவில். |
| `snf_pct` | `DECIMAL` | 3,1 | எஸ்என்எஃப் சதவீதம், 8.3 என்ற வடிவில். |
| `rate_per_litre` | `DECIMAL` | 5,2 | லிட்டர் விலை, ரூபாயில். பத்தியில் தனியாக இல்லை. தொகைக் கணக்கிலிருந்து எடுத்தது. |
| `amount` | `DECIMAL` | 7,2 | தொகை, ரூபாயில். அளவு × லிட்டர் விலை, இரண்டு தசமத்துக்கு ரவுண்டு செய்து. |

டேபிள் விதி: `member_no`, `collect_date`, `shift` மூன்றும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம். தேதிக்கும் வேளைக்கும் ‘கட்டாயம்’ வந்தது இந்த விதியிலிருந்துதான். இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் விதியைக் காக்க முடியாது.

பத்தி ஒன்று சொல்கிறது, இருக்கும் தரவு வேறொன்று சொல்கிறது. எதை எடுப்பது?

உறுப்பினர் எண் ஆறு இலக்கம் என்று பத்தி சொல்ல, பழைய தரவில் ஐந்து இலக்கத்தில் சில எண்கள் கிடக்கலாம். முதலில் காரணத்தைப் பாருங்கள். ஐந்திலக்க எண்கள் அனைத்துக்கும் முன்னால் பூஜ்ஜியம் சேர்த்தால் சரியான சங்கக் குறியீடு வருகிறதென்றால், எக்ஸெல் வழியாக வந்தபோது பூஜ்ஜியம் உதிர்ந்திருக்கிறது. அப்போது அட்டவணை பத்தியைப் பின்பற்றும், தரவைத் திருத்த வேண்டும். அப்படி வரவில்லையென்றால் முன்பு வேறு எண் முறை இருந்திருக்கிறது. அப்போது `VARCHAR(6)` போட்டு, இரண்டு முறைகளையும் விளக்கத்தில் எழுத வேண்டும். எதுவும் தெரியாமல் `CHAR(6)` போட்டு ஏற்றிவிட்டால், பின்னால் வெற்றிடம் சேர்ந்த எண்கள் உருவாகி இரண்டு காரணங்களும் கலந்துவிடும்.

வேலை சரியாக முடிந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டவணையில் இடம் கிடைத்த ஒவ்வொரு சொற்றொடரையும் அடித்துக்கொண்டே வாருங்கள். அடிக்கப்படாமல் மிஞ்சுவது விடுபட்ட தகவல். பிறகு எதிர்த்திசையில், அட்டவணையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பத்தியில் அல்லது வெளி நிர்ணயத்தில் ஆதாரம் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியாத எண் நீங்கள் ஊகித்தது. அதன் அருகில் ‘கேட்க வேண்டும்’ இருக்கிறதா என்று பாருங்கள். மேலே உள்ள அட்டவணையில் அளவின் 5,2 அந்த ரகம்தான். லிட்டர் விலையின் 5,2-க்கும் ஆதாரம் இல்லை, ஆனால் அங்கே அந்தக் குறிப்பு விடுபட்டிருக்கிறது. சரிபார்ப்பு பிடிக்க வேண்டியது இதைத்தான்.

டேபிளை உருவாக்கியபின் டேட்டாபேஸ் எதை ஏற்றுக்கொண்டது என்று அதனிடமே கேளுங்கள்:

```sql
SELECT column_name, data_type,
       character_maximum_length,
       numeric_precision, numeric_scale
FROM information_schema.columns
WHERE table_name = 'milk_collection'
ORDER BY ordinal_position;
```

இது போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றிலும் ஓடும். ஆரக்கிளில் `USER_TAB_COLUMNS` பாருங்கள்; அதில் `CHAR_USED` என்ற நெடுவரிசையில் B என்று இருந்தால் பைட், C என்று இருந்தால் குறி. கடைசியாக நான்கு சோதனை வரிகள் ஏற்றுங்கள்: பூஜ்ஜியத்தில் தொடங்கும் உறுப்பினர் எண், 40 எழுத்து முழுக்க நிரம்பிய தமிழ்ப் பெயர், 10.0 கொழுப்பு, ஆயிரத்தைத் தாண்டும் தொகை. நான்கும் ஏறித் திரும்ப எடுக்கும்போது அப்படியே வந்தால் அட்டவணையை ஒப்படைக்கலாம்.